கடலோரத்தில் வீடு: கூடுதல் பணத்தைக் கவரிங்கில் போடுவதா, சிமெண்டில் போடுவதா, கம்பியில் போடுவதா?

வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கமிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை வாங்குகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். மனை கடலோரத்தில், மேஸ்திரி மட்டும் நம்ம ஊர். இருபது வருடமாக வேலூரில் பழகிய கை அதே பழக்கத்தில் அங்கேயும் கம்பி கட்டி, அதே கலவையை ஊற்றுகிறது. ஏழெட்டு வருடத்தில் சன்ஷேடு ஓரம் வெடித்து, கம்பி சிவப்பாக எட்டிப் பார்க்கிறது.

ராணிப்பேட்டையில் ஓய்வுபெற்ற ஒரு வாசகர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். கல்பாக்கத்துக்குத் தெற்கே, கடலிலிருந்து சுமார் 300 மீட்டரில், 1,200 சதுர அடியில் ஒரு தளம் கட்டப் போகிறார். "கடைக்காரர் துருப்பிடிக்காத கம்பி வாங்கச் சொல்கிறார். இன்ஜினியர் கவரிங்கை, அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனத்தை, கூட்டச் சொல்கிறார். மேஸ்திரி சல்பேட் சிமெண்ட் போட்டால் போதும் என்கிறார். மூன்றுக்கும் சேர்த்துச் செலவழிக்க என்னிடம் பணம் இல்லை. எதைச் செய்ய?"

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் கம்பி ஏன் துருப்பிடிக்கிறது என்று பார்த்துவிடலாம். நல்ல கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை அதிகம், பி.எச். 12.5-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி அதைக் காக்கிறது. உப்பில் உள்ள குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல ஊறி உள்ளே வருகிறது. கம்பியை ஒட்டிய இடத்தில் அது ஓர் அளவைத் தாண்டியதும், பொதுவாகச் சிமெண்ட் எடையில் 0.4 சதவீதம் என்று சொல்வார்கள், அந்தப் படலம் புள்ளி புள்ளியாக உடைகிறது. துரு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். இடம் இல்லாததால் கான்கிரீட்டை வெளியே தள்ளி உடைக்கிறது.

ஆக, எந்த வழியாக இருந்தாலும் அதனிடம் கேட்க வேண்டியவை நான்கு. உப்பு கம்பியைத் தொடும் நாளை அது எவ்வளவு தள்ளிப்போடும்? வேலையாள் தவறு செய்தால் எவ்வளவு கெடும்? சரியாகச் செய்திருக்கிறார்களா என்று நாம் பார்த்துக்கொள்ள முடியுமா? பில்லில் வராத செலவு என்ன? என் அனுபவத்தில் கடைசி இரண்டுதான் முடிவைத் தீர்மானிக்கின்றன. ஆனால் கடைகளில் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் கிடைக்கும்.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 456:2000 கடலோரச் சூழலைக் 'கடுமை' என்ற வகையில் வைக்கிறது. அதற்குக் குறைந்தது எம்30 என்ற வலுத்தரத்தில் கான்கிரீட், நீர்-சிமெண்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகக்கூடாது, கவரிங் 45 மி.மீ. கடல் தண்ணீர் நேரடியாகத் தெறிக்கும் இடம் 'மிகக் கடுமை': எம்35, 50 மி.மீ. கடலோரத்திலேயே உப்புக் காற்று நேரே படாமல் மறைந்த பகுதிகள் 'மிதம்', அதற்கு எம்25, 30 மி.மீ. நம்ம ஊரில் பழகிய 20 மி.மீ. எல்லாம் 'லேசான' சூழலுக்கு உரியது. கடலிலிருந்து இத்தனை மீட்டர் என்று கோடு கிழிக்க முடியாது. காற்றில் வரும் உப்பு முதல் சில நூறு மீட்டரிலேயே வேகமாகக் குறைந்துவிடும். இவருடைய 300 மீட்டர் சந்தேகமில்லாமல் 'கடுமை'.

## வழி ஒன்று: கவரிங்கைக் கூட்டுவது

கவரிங் என்பது கான்கிரீட்டின் வெளி முகத்திலிருந்து, வெளியே இருக்கும் இரும்பு வரைக்குமான தூரம். பில்லரில் அந்த வெளி இரும்பு, மெயின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்தான், மெயின் கம்பி இல்லை. மெயின் கம்பியிலிருந்து அளப்பவர்களிடம் ரிங்கின் 8 மி.மீ. அப்போதே போய்விட்டது. பூச்சு இந்தக் கணக்கில் சேராது.

இந்த வழியின் பலம் ஒரு எளிய கணக்கில் இருக்கிறது. உப்பு ஊறிவரும் காலம் தூரத்தின் சதுரத்தைப் பொறுத்தது. ஒரே கான்கிரீட்டில் கவரிங்கை இரண்டு மடங்காக்கினால் உப்பு கம்பியை அடையும் காலம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். இது திருப்பியும் அடிக்கும். 45 மி.மீ. இருந்தால் 30 ஆண்டு தாங்கும் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். கம்பி சரிந்து ஓரிடத்தில் 25 மி.மீ. ஆகிவிட்டால் அந்த இடத்தில் (25÷45)² × 30, அதாவது சுமார் 9 ஆண்டுதான். மீதி இடமெல்லாம் ஒழுங்காக இருந்தாலும் வெடிப்பு அங்கே தொடங்கிவிடும். கடலோர வீடுகளில் ஒரு மூலை மட்டும் உதிர்ந்து நிற்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

அதனால் வரைபடத்தில் 45 என்று எழுதினால் போதாது. கவர் பிளாக் என்ன வைக்கிறார்கள் என்று பாருங்கள். நம்ம பக்கத்தில் கம்பிக்கு அடியில் ஜல்லியைச் செருகும் பழக்கம் இன்னும் போகவில்லை. வைப்ரேட்டர் வைத்ததும் அது நழுவிவிடும். சைட்டிலேயே மிச்சக் கலவையில் பிடித்த பிளாக்கும் வேண்டாம். சுற்றியுள்ள கான்கிரீட்டைவிடப் பலவீனமாக இருந்தால் உப்பு அதன் வழியாகவே நேராகக் கம்பிக்குப் போகும். அதே கான்கிரீட் தரத்தில் வார்த்த ரெடிமேடு பிளாக், மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் இருக்கட்டும். கட்டுக்கம்பியின் முனைகளை உள்பக்கம் மடக்கச் சொல்லுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைதான் முதல் துருப்புள்ளி.

இனி, பில்லில் வராத செலவு. கவரிங்கை வெளிப்பக்கம் கூட்ட முடியாது, சுவர் இருக்கிறது. கம்பியைத்தான் உள்ளே தள்ள வேண்டும். 125 மி.மீ. ரூஃபில் 20 மி.மீ. கவரிங், 10 மி.மீ. கம்பி என்றால் கம்பியின் நடு, மேல் முகத்திலிருந்து 100 மி.மீ. ஆழத்தில் இருக்கும். கவரிங்கை 45 ஆக்கினால் அது 75 ஆகிவிடும், தாங்கும் திறனில் ஏறக்குறைய கால்வாசி போய்விடும். பழைய வலு வேண்டுமானால் ரூஃப் 150 மி.மீ. ஆக வேண்டும். 1,200 சதுர அடிக்கு இந்த 25 மி.மீ. சுமார் 2.8 கன மீட்டர். கன மீட்டர் 7,000 ரூபாய் என்று பிடித்தால் 20,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதோடு சதுர மீட்டருக்கு 62 கிலோ கூடுதல் பாரம் பீமுக்கும் அஸ்திவாரத்துக்கும் போகிறது. அவற்றையும் இன்ஜினியர் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பில்லரில் சிக்கல் இன்னும் அதிகம். சுவரோடு மறைய வேண்டும் என்று 9 அங்குலத்தில் போடுகிறோம், அதாவது 230 மி.மீ. இருபுறமும் 45 கவரிங், 8 மி.மீ. ரிங், 16 மி.மீ. கம்பி. எதிரெதிர்க் கம்பிகளின் நடுவுக்கு நடு 108 மி.மீ.தான் மிஞ்சும். நம்ம ஊர் வழக்கப்படி 25 வைத்திருந்தால் அது 148 ஆக இருந்திருக்கும். இவ்வளவு ஒடுங்கிய கூண்டை 12 அங்குலப் பில்லராக்கித்தான் சரிசெய்ய முடியும், அப்போது 178 கிடைக்கும். அறையின் மூலையில் மூன்று அங்குலம் துருத்திக்கொண்டு நிற்கும். வீட்டம்மாவுக்குப் பிடிக்காது, அலமாரிக்காரரும் முணுமுணுப்பார். இதை வரைபட நிலையிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

சன்ஷேடும் பால்கனியும் தனிக் கதை. அங்கே இழுவிசை மேலே, கம்பியும் மேலே. "கவரிங் அதிகம் இருந்தால் நல்லதுதானே" என்று அந்தக் கம்பியைக் கீழே இறக்கினால் துரு வராது, சன்ஷேடே விழும். கம்பியை, கம்பியாலேயே நாற்காலி போல வளைத்த சேர் வைத்துத் தூக்கி நிறுத்தி, யாரும் அதன்மேல் மிதிக்காமல் பலகை போட்டு ஊற்ற வேண்டும். கவரிங் கூடும் அளவுக்குச் சன்ஷேடின் தடிமனும் கூட வேண்டும்.

விரிசலுக்கும் கவரிங்குக்கும் உள்ள உறவும் இங்கே வருகிறது. கவரிங் கூடக்கூட மேல்முகத்தில் விரிசல் சற்று அகலமாகத் தெரியும், ஏனென்றால் அந்த வெளித் தோலில் இரும்பு இல்லை. கம்பிக்குக் குறுக்கே போகும் மெல்லிய விரிசல் அவ்வளவு ஆபத்தானது இல்லை. பயப்பட வேண்டியது கம்பியின் நீளத்தை ஒட்டியே ஓடும் விரிசலுக்கு. கான்கிரீட் போட்ட அன்றோ மறுநாளோ மேல் கம்பிக்கு நேராக அப்படி ஒரு கோடு தெரிந்தால், கான்கிரீட் கம்பியின் மேல் தொங்கி இருபுறமும் படிந்திருக்கிறது என்று பொருள். தண்ணீர் அதிகமான கலவையிலும், கவரிங் குறைந்த இடத்திலும் அது வரும். இறுகத் தொடங்குமுன் மறுபடி வைப்ரேட்டர் வைத்து மட்டம் தட்டினால் மூடிவிடும். பல வருடம் கழித்து அதே கோடு பழுப்புக் கறையோடு வந்தால் உள்ளே துரு தொடங்கிவிட்டது. சுத்தியலால் தட்டிப் பாருங்கள். டொப்பென்று வெற்று ஓசை வந்தால் தோல் பிரிந்திருக்கிறது.

இந்த வழிக்கு ஒரு பெரிய வசதி உண்டு: அளந்து பார்க்கலாம். ஊற்றுவதற்கு முன் டேப், ஊற்றிய பிறகு, கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று வெளியிலிருந்தே காட்டும் கவர் மீட்டர்.

## வழி இரண்டு: கான்கிரீட்டையே நெருக்கமாக்குவது

முதலில் மேஸ்திரியின் சல்பேட் சிமெண்டை முடித்துவிடுவோம். அது மண்ணிலும் நிலத்தடி நீரிலும் உள்ள சல்பேட்டுக்கானது. அதற்காக அதில் ஒருவகை அலுமினேட்டைக் குறைத்திருப்பார்கள். உள்ளே வரும் குளோரைடில் ஒரு பங்கைப் பிடித்துக் கட்டிவைப்பதே அந்த அலுமினேட்தான். அது குறைந்தால் கம்பிக்குப் போய்ச்சேரும் உப்பு கூடும். கம்பி இல்லாத வேலைக்குச் சரி, கடலோரப் பில்லருக்கு அது தவறான தேர்வு.

கடலோரத்துக்கு ஏற்றது கசடுச் சிமெண்ட், அதாவது ஸ்லாக் சிமெண்ட். அது கிடைக்காவிட்டால் சாம்பல் கலந்த பி.பி.சி. இவற்றில் நுண்துளைகள் நாளாக நாளாகச் சுருங்கும், குளோரைடும் கட்டுப்படும். உப்பு ஊறும் வேகம் சாதாரண சிமெண்டைவிடப் பல மடங்கு குறையும். மூட்டை விலையில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதால், மூன்று வழிகளில் காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான் என்று தோன்றும். காகிதத்தில் உண்மையும் அதுதான்.

ஆனால் அந்தப் பலன் பல வாரம் கழித்துத்தான் வரும், அதுவும் ஈரம் இருந்தால்தான். கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் நீராற்ற வேண்டும் என்று ஐ.எஸ். 456 சொல்கிறது, 14 நாள் நல்லது. கடற்காற்று வேலூர் வெயிலைவிட மென்மையாகத் தெரியும், ஆனால் ஓயாமல் அடித்து மேல்தோலை உலர்த்திவிடும். உலர்ந்த அந்த வெளி 45 மி.மீ.தான் கம்பிக்கான முழுக் காவலும். மூன்றாம் நாள் சாக்கைக் கழற்றினால் ஸ்லாக் சிமெண்ட் வாங்கியதற்குப் பொருளே இல்லை. சென்ட்ரிங் பிரிக்கவும் கூடுதல் நாள் ஆகும், பலகை வாடகை ஏறும்.

அடுத்து தண்ணீர். 0.45 விகிதம் என்றால் 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர், மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து. கலவை சரியாக ஓடவில்லை என்று மூட்டைக்கு 5 லிட்டர் கூட ஊற்றினால் விகிதம் 0.55. ஒரு பிளாஸ்டிக் குடத்தில் பாதிகூட இல்லை, ஆனால் 'கடுமை'க்கான கான்கிரீட் 'லேசான' சூழலுக்கான கான்கிரீட்டாக இறங்கிவிட்டது. ஓட்டத்துக்குத் தண்ணீருக்குப் பதில் பிளாஸ்டிசைசர் சேர்க்க வேண்டும். எம்30 சட்டிக் கணக்கில் வராது. ரெடிமிக்ஸ் வாங்குங்கள், அல்லது எடை போட்டுக் கலக்க ஆள் வையுங்கள்.

கடலோரப் போர் தண்ணீரில் கலக்கினால் உப்பை நாமே உள்ளே வைத்துக் கட்டுகிறோம். கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். ஒரு போரில் 3,000 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கன மீட்டருக்கு 340 கிலோ சிமெண்ட், 153 லிட்டர் தண்ணீர். உள்ளே போகும் குளோரைடு 0.46 கிலோ. கான்கிரீட் முழுவதிலும் எல்லாப் பொருளும் சேர்ந்து 0.6 கிலோதான் அனுமதி. கடற்காற்று இன்னும் வீசத் தொடங்கவே இல்லை, முக்கால் பங்கு தீர்ந்துவிட்டது. நீராற்றவும் அதே நல்ல தண்ணீர்தான் வேண்டும். இரண்டு வாரம் லாரித் தண்ணீர் வாங்கும் செலவு எந்த எஸ்டிமேட்டிலும் இருக்காது, ஆனால் வரும்.

மூன்றாவது கேள்வியில்தான் இந்த வழி தோற்கிறது. தளத்தில் அதே கலவையில் கியூப் எனப்படும் கனசதுரக் கட்டி வார்த்துச் சோதித்தால் வலு தெரியும். மேல்தோல் எப்படி உலர்ந்தது என்பது தெரியாது.

## வழி மூன்று: கம்பியை மாற்றுவது

கடையில் 'துருப்பிடிக்காத கம்பி' என்று சொல்வது பெரும்பாலும் சி.ஆர்.எஸ். என்று அச்சிட்ட டி.எம்.டி. தாமிரம், குரோமியம் போன்றவற்றைச் சிறிதளவு சேர்த்திருப்பார்கள். துரு தாமதமாகும், நிற்காது. அது உண்மையான ஸ்டெயின்லெஸ் கம்பி இல்லை. ஸ்டெயின்லெஸ் நிஜமாகவே தாங்கும், விலை பல மடங்கு, வீடுகளுக்கு யாரும் போடுவதில்லை.

இடையில் இருப்பது எபாக்சி பூசிய கம்பி. பூச்சு முழுதாக இருந்தால் நல்ல காவல். நம்ம சைட்டில் முழுதாக இருக்குமா என்பதுதான் கேள்வி. லாரியிலிருந்து தள்ளி இறக்குவார்கள், தரையில் இழுப்பார்கள், ஆணி அடித்த பலகையில் வளைப்பார்கள். ஒவ்வொரு கீறலையும் வெட்டுமுனையையும் அதே பூச்சால் ஒட்ட வேண்டும், கட்டுவதற்குப் பூச்சுக்கம்பி வேண்டும், வெயிலில் மாதக்கணக்கில் கிடக்கக்கூடாது. கான்கிரீட் பிடிப்பு குறைவதால் கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கட்டும் நீளத்தையும் கூட்ட வேண்டும், அது கூடுதல் டன். அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் பாலங்களில் எபாக்சி கம்பி போட்ட கீழ்த்தூண்கள், கட்டிப் பத்து வருடத்துக்குள்ளேயே துருவால் வெடித்தன. அது ஈரமும் வெப்பமும் உப்பும் சேர்ந்த கடல் தெறிப்பு மண்டலம். அங்கேயே அப்படி என்றால் நம்ம கம்பி கட்டுபவரின் கையில் அது என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். பூசிய கம்பியையும் பூசாததையும் ஒரே கூண்டில் தொடவிட்டுக் கட்டுவது இன்னும் மோசம். கீறிய சின்னப் புள்ளியில் அரிப்பு குவிந்து ஆழமாகத் துளைக்கும்.

1,200 சதுர அடிக்கு, அடிக்கு 4 கிலோ என்று பிடித்தால் 4,800 கிலோ கம்பி. கிலோவுக்கு 10 ரூபாய் கூடினாலே 48,000 ரூபாய். ரூஃபைத் தடிமனாக்கும் செலவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்த வழி ஜெயிக்கும் இடமும் உண்டு. 75 மி.மீ. தடிமனுள்ள அலங்காரப் பலகை, ஜன்னல் ஓரத்து மெல்லிய ஃபின் போன்றவற்றில் கவரிங் தர இடமே இல்லை. அங்கே எபாக்சியோ துத்தநாகம் பூசிய கம்பியோ போடுங்கள், அந்தத் துண்டு முழுக்க ஒரே வகையாக. இல்லை, அந்த அலங்காரத்தையே விட்டுவிடுங்கள், அது இன்னும் மலிவு.

## ஒரே பார்வையில்

| | கவரிங் | சிமெண்ட், தண்ணீர் | கம்பி |
|---|---|---|---|
| தள்ளிப்போடும் காலம் | தூரத்தின் சதுரமாகக் கூடும் | பல மடங்கு, நீராற்றினால் மட்டும் | வகையைப் பொறுத்து |
| கைத்தவறு நடந்தால் | அந்த இடம் மட்டும் கெடும் | வெளித்தோல் முழுதும் கெடும் | கீறலில் ஆழமாக அரிக்கும் |
| சரிபார்க்க | டேப், கவர் மீட்டர் | கியூப், தண்ணீர்ச் சோதனை. தோலின் தரம் தெரியாது | ஊற்றிய பின் வழியில்லை |
| மறைந்த செலவு | தடித்த ரூஃப், 12 அங்குலப் பில்லர் | லாரித் தண்ணீர், பலகை வாடகை | ஒட்டுப்பூச்சு, கூடுதல் நீளம் |
| முந்தும் இடம் | வெளிப்பில்லர், பீம், ரூஃப் | எல்லா இடத்திலும் அடிப்படையாக | மெல்லிய உறுப்புகள் |

## அந்த வாசகருக்கு நான் சொன்னது

கம்பிக்கு வைத்திருந்த கூடுதல் பணத்தை எடுத்துவிடுங்கள். நல்ல கம்பெனியின் சாதாரண எஃப்.ஈ. 500 டி போதும். ஸ்லாக் சிமெண்டில் எம்30 ரெடிமிக்ஸ். வெளிப்பில்லர், வெளிபீம், மொட்டைமாடியின் மேல்முகம், பால்கனி ஆகியவற்றுக்கு 45 மி.மீ. உள்ளறையில் பூசி மூடும் ரூஃபின் அடிப்பக்கத்துக்கும் உள்பீமுக்கும் 30 போதும், உள்பில்லருக்கு 40. இப்படிப் பிரித்தால் முன்பு சொன்ன 2.8 கன மீட்டர் முழுதும் தேவைப்படாது. அஸ்திவாரத்துக்கு 50, அடியில் பி.சி.சி., அதாவது கம்பி இல்லாத கான்கிரீட், கட்டாயம். எம்35 போட முடிந்தால் அந்த 45-ஐ 40 ஆக்கிக்கொள்ள ஐ.எஸ். 456 அனுமதிக்கிறது. நான் ஆக்க மாட்டேன், அந்த 5 மி.மீ. மேஸ்திரியின் கைப்பிழைக்குத் தேவைப்படும்.

இரண்டு சின்ன விஷயம். கம்பி வந்து கடற்காற்றில் கிடந்திருந்தால், கட்டுமுன் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அப்புறம், பின்னாளில் மாடி கட்டலாம் என்று மொட்டைமாடியில் விட்டுவைக்கும் பில்லர் கம்பி. நம்ம ஊரில் அது பத்து வருடம் நிற்கும். அங்கே அது உப்பைப் பிடித்து, துருவோடு பில்லருக்குள்ளேயே இறக்கும். மாடி நிச்சயம் இல்லையென்றால் விடாதீர்கள். விட்டால் சிமெண்ட் பால் பூசி, மெலிந்த கான்கிரீட்டில் மூடிவையுங்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: பலகை பிரித்ததும் கவர் மீட்டர் வைத்துப் பார்த்து, 40-க்குக் கீழே இருக்கும் வெளிமுகங்களைச் சரிசெய்த பிறகே அந்தக் கட்டத்தின் கடைசித் தவணை.

## கடலே இல்லாத நம்ம பக்கத்தில்

வேலூரில் வீடு கட்டுபவர்களுக்கு மேலே சொன்ன 45 தேவையில்லை. ஒரு விதிவிலக்கு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளைச் சுற்றிய சில இடங்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். தோல் கெடாமல் இருக்கப் போட்ட உப்பு பல பத்தாண்டுகளாக மண்ணில் இறங்கியது அது. அங்கே காற்று நல்லது, தண்ணீர்தான் குளோரைடைக் கொண்டுவருகிறது. எபாக்சி கம்பியோ 12 அங்குலப் பில்லரோ வேண்டாம். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலோ வேறு ஆய்வகத்திலோ போர் தண்ணீரைக் கொடுத்துக் குளோரைடு எவ்வளவு என்று கேளுங்கள். 500-ஐத் தாண்டினால் கலவைக்கும் நீராற்றவும் வெளித் தண்ணீர், தரைக்குக் கீழே உள்ள பில்லருக்கும் அஸ்திவாரத்துக்கும் 50 மி.மீ. கவரிங், சிமெண்ட் ஸ்லாக் அல்லது பி.பி.சி. தரைக்கு மேலே வழக்கம்போல் கட்டலாம்.